வாசலுக்கு வந்த இன்சுலின்

வலைத்தளத்தில் மருந்து வாங்குபவர் கடை உண்மையானதா என்று பார்ப்பதோடு வேலை முடிவதில்லை. பெட்டியைப் பிரிக்கும்போது இன்னொரு பரிசோதனை காத்திருக்கிறது.

மே மாத நாக்பூரில் பகல் 2 மணி என்பது தெருநாய்கூட நிழலை விட்டு நகராத நேரம். வெயில் 44 டிகிரியைத் தாண்டியிருந்த அப்படியொரு பகலில், ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவரின் வீட்டில் தெர்மோகோல் பெட்டி ஒன்று வந்து இறங்கியது. உள்ளே மூன்று பாட்டில் இன்சுலின். அவருடைய மனைவி புதிய பாட்டில் ஒன்றை எடுத்து, முடியும் தருவாயில் இருந்த பழைய பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே கம்பெனி, அதே பெயர், அதே 10 மில்லி. ஆனால் பழைய லேபிளில் 40 என்றிருந்த இடத்தில் புதியதில் 100 என்றிருந்தது.

இது அச்சுப் பிழையல்ல. இந்தியாவில் இன்சுலின் பாட்டில்கள் இரண்டு வீரியங்களில் விற்கப்படுகின்றன. ஒரு மில்லியில் 40 யூனிட் இருப்பது ஒன்று, 100 யூனிட் இருப்பது மற்றொன்று. இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு. 40க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100க்கானது ஆரஞ்சு. 67 வயதான அந்தப் பெரியவர் காலையில் 20 யூனிட், இரவில் 12 யூனிட் போட்டுக்கொள்பவர். வீட்டில் இருப்பவை எல்லாம் சிவப்பு மூடி சிரிஞ்சுகள். அதில் 20 என்ற கோடு வரை மருந்தை இழுத்தால் அரை மில்லி வரும். பழைய பாட்டிலில் அந்த அரை மில்லி 20 யூனிட். புதிய பாட்டிலில் அதுவே 50 யூனிட், அதாவது இரண்டரை மடங்கு. சர்க்கரை தடாலென்று இறங்கி நினைவிழக்க இது தாராளமாகப் போதும்.

ஆச்சரியம் என்னவென்றால், மருந்தை அனுப்பியது போலிக் கடை அல்ல. புனேயில் வேலை பார்க்கும் மகன், ஒன்றுக்கு இரண்டு முறை விசாரித்துத் தேர்ந்தெடுத்த, முறையான லைசென்ஸ் உள்ள கடைதான் அது. அவர் எப்படி விசாரித்தார் என்பதிலும், அதன் பிறகும் எங்கே ஓட்டை இருந்தது என்பதிலும் மற்றவர்களுக்குப் பாடம் இருக்கிறது.

முத்திரை இல்லாத வியாபாரம்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2015 முதல் சட்டப்படி இயங்கும் வலைத்தள மருந்துக் கடைகளுக்குப் பொதுவான சின்னம் ஒன்று உண்டு. அதைச் சொடுக்கினால் அந்த நாட்டு அரசின் பட்டியலுக்குப் போகும். இந்தியாவில் அப்படி எதுவும் இல்லை. வலைத்தள மருந்து விற்பனையைப் பதிவு செய்வதற்கான வரைவு விதிகளை மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. ஆண்டுகள் கடந்தும் வரைவு விதியாகவில்லை. அதே 2018 டிசம்பரில் லைசென்ஸ் இல்லாத வலைத்தள விற்பனைக்கு டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது.

எனவே, ‘அரசு அங்கீகரித்த இ-பார்மசி’ என்று ஒரு தளம் தானே முத்திரை போட்டுக்கொண்டால் அதற்கு மதிப்பில்லை. பொருந்துவது பழைய சட்டம்தான்: 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகு சாதனங்கள் சட்டமும், 1945ஆம் ஆண்டின் விதிகளும். அவற்றின்படி மருந்தை விற்பது வலைத்தளம் அல்ல, எங்கோ ஒரு தெருவில் லைசென்ஸும் பார்மசிஸ்டும் உள்ள ஒரு கடை. பெரும்பாலான தளங்கள் வாடிக்கையாளருக்கும் அந்தக் கடைக்கும் நடுவில் நிற்கும் தரகர்கள். ஆகவே, ‘இந்தத் தளம் நல்லதா?’ என்று கேட்பதை விட ‘எனக்கு மருந்து தரப்போகும் கடை எது?’ என்று கேட்பதே பயன் தரும்.

மகன் முதலில் பார்த்த தளம் இந்தக் கேள்வியிலேயே தடுமாறியது. வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம், இன்சுலினுக்கு 60 சதவீதத் தள்ளுபடி என்றது. மனித இன்சுலின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. அதன் உச்ச விலையை அரசு நிர்ணயிக்கிறது. 2013ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டு ஆணை சில்லறைக் கடைக்கு வைத்திருக்கும் லாபம் 16 சதவீதம். பெரிய நிறுவனங்கள் ஆளைப் பிடிப்பதற்காகக் கைக்காசு போட்டு 20, 25 சதவீதம் குறைப்பதுண்டு. குளிர்ச்சியாகவே வைத்து, குளிர்ச்சியாகவே அனுப்ப வேண்டிய மருந்தை 60 சதவீதம் குறைத்துக் கொடுப்பவருக்கு அது எந்த வழியில் வந்திருக்கும் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

இரண்டாவது, அந்தத் தளம் டாக்டர் சீட்டே கேட்கவில்லை. சீட்டு இல்லாமல் இன்சுலினை விற்பவர், சட்டத்தின் முதல் வரியையே மீறுகிறார். மற்ற வரிகளை மதிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது, தளத்தின் கடைசியில் புனே முகவரி ஒன்றும் 07 என்று தொடங்கும் ஜிஎஸ்டி எண்ணும் இருந்தன. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். மகாராஷ்டிரத்துக்கு 27, டெல்லிக்கு 07. ஒவ்வொரு மாநிலத்திலும் தனிப் பதிவு வேண்டும் என்பதால், புனே கடைக்கு டெல்லி எண் பொருந்தாது. gst.gov.in தளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் பதிவு செய்தவரின் பெயர் வந்துவிடும். மருந்துக்குத் துளியும் தொடர்பில்லாத ஒரு பெயர் வந்தது. பணம் செலுத்தப் போனபோது யூபிஐ திரையில் தோன்றியதும் நிறுவனப் பெயரல்ல, ஒரு தனிநபரின் பெயர். மகன் அங்கேயே நிறுத்திக்கொண்டார். பணம் போயிருந்தால் செய்ய வேண்டியது, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைப்பது.

இரண்டு எண்கள், ஒரு போன்

இரண்டாவது தளம் பிரபலமானது. ஆனால் பிரபலம் என்பதாலேயே அவர் விட்டுவிடவில்லை. மருந்தைத் தரப்போகிற நாக்பூர் கடையின் பெயர், முகவரி, மருந்து லைசென்ஸ் எண்கள் ஆகியவற்றைக் கேட்டு வாங்கினார். சில்லறை விற்பனைக்கு வழக்கமாக இரண்டு லைசென்ஸ்கள் உண்டு. படிவம் 20 என்பது சாதாரண மருந்துகளுக்கு. படிவம் 21 என்பது ஊசி மருந்துகள், தடுப்பூசிகள் போன்ற ‘சி’ அட்டவணை வகைகளுக்கு. இன்சுலின் இந்த இரண்டாவது வகை. வெறும் 20 மட்டும் வைத்திருக்கும் கடை இன்சுலின் விற்க முடியாது. 20பி, 21பி என்று இருந்தால் அது மொத்த வியாபாரிக்கான லைசென்ஸ். அவர் நோயாளிக்கு நேரடியாக விற்கக் கூடாது.

இந்த எண்கள் பில்லிலும் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கேட்க வேண்டிய இடம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. மகாராஷ்டிரத்தில் அது உணவு மற்றும் மருந்து நிர்வாகம். நாக்பூரிலேயே அதன் அலுவலகம் இருக்கிறது. கடையின் பெயரும் எண்ணும் சொன்னால் அந்த லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று அங்கே சொல்ல முடியும். பிரபல தளத்தின் பெயரை ஓரெழுத்து மாற்றி நடத்தப்படும் போலித் தளங்களும் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். முகப்பை அப்படியே நகலெடுக்கலாம். ஆனால் தெருவில் இல்லாத கடையை அரசுப் பதிவேட்டில் ஏற்ற முடியாது.

கடைசியாக மகன் கடைக்குப் போன் செய்து பார்மசிஸ்டிடம் பேசினார். இன்சுலினை எதில் வைத்து அனுப்புகிறீர்கள், கடையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கேட்டார். ஐஸ் ஜெல் பொதிகளோடு தெர்மோகோல் பெட்டியில், காலை 11 மணிக்கு என்று தயங்காமல் பதில் வந்தது. உண்மையான பார்மசிஸ்டுக்கு இவை தினசரிக் கேள்விகள். கால் சென்டரிலிருந்து பேசுகிறவர்தான் ‘பார்த்துச் சொல்கிறோம்’ என்பார்.

இவ்வளவும் சரியாக இருந்தும் 100 எப்படி வந்தது? டாக்டர் சீட்டில் மருந்தின் பெயரும் 30/70 என்ற கலவை விகிதமும் இருந்தன. வீரியம் எழுதப்படவில்லை. தளத்தில் 40, 100 இரண்டுக்கும் ஒரே மாதிரிப் படம். மகன் தேர்ந்தெடுத்தது 100. பார்மசிஸ்ட் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. மூன்று பேரின் சிறு கவனக்குறைவும் சேர்ந்து ஒரு பெட்டியில் வந்து இறங்கியது. போலிக் கடையைத் தேடும் கண்ணுக்கு இந்த ஆபத்து தெரியாது. சீட்டில் ‘40 யூனிட்/மில்லி’ என்று டாக்டரை எழுதச் சொல்வதுதான் நிரந்தர மருந்து.

பெட்டியைப் பிரிக்கும் ஐந்து நிமிடம்

“காலி பாட்டிலைத் தூக்கி எறியவே மாட்டேன். புதியது வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் படிப்பேன்” என்கிறார் பெரியவரின் மனைவி. அவர் படிக்கும் வரிகள்: மருந்தின் பெயர், கலவை விகிதம், வீரியம், காலாவதி தேதி, பேட்ச் எண். பேட்ச் எண்ணை மூன்று இடங்களில் ஒப்பிட வேண்டும். பில், அட்டைப் பெட்டி, பாட்டில் மூன்றிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். அட்டைப் பெட்டி அசலாகவும் உள்ளே பாட்டில் வேறாகவும் இருப்பதைக் கண்டுபிடிக்க இதுவே எளிய வழி.

அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் க்யூஆர் குறியீடு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. போனில் காட்டினால் தயாரிப்பாளர், பேட்ச் எண், தேதிகள் வரும். லேபிளில் அச்சானதும் திரையில் வருவதும் வேறாக இருந்தால் மருந்தைத் தொடக் கூடாது. ஆனால் இரண்டும் ஒன்றாக இருந்தாலே அசல் என்று முடிவு கட்டவும் கூடாது. லேபிளை நகலெடுப்பவர் குறியீட்டையும் சேர்த்தே நகலெடுப்பார். சந்தேகமான பேட்ச் எண்ணை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் cdsco.gov.in தளத்தில் வெளியிடும் தரமற்ற மருந்துகளின் பட்டியலில் பார்க்கலாம்.

அடுத்தது குளிர்ச்சி. பிரிக்காத இன்சுலின் இருக்க வேண்டியது 2 முதல் 8 டிகிரிக்குள். பெட்டியைத் திறந்ததும் பாட்டிலைக் கையில் எடுத்தாலே ஓரளவு புரிந்துவிடும். ஜெல் பொதி உருகியிருந்தாலும் குளிர்ச்சி மிச்சம் இருந்து, பாட்டிலும் சில்லென்று இருந்தால் கவலையில்லை.

பாட்டில் அறை வெப்பத்துக்கு வந்திருந்தால்? பலர் பயப்படும் அளவுக்கு இன்சுலின் அவ்வளவு சீக்கிரம் கெட்டுவிடாது. 2023 நவம்பரில் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பிரிக்காத மனித இன்சுலின் வகைகள் 37 டிகிரி வரையிலான வெப்பத்தில் இரண்டு மாதம் வரை பெரிய இழப்பின்றி வீரியத்தைக் காப்பதாகச் சொல்கிறது. குளிர்பதன வசதியில்லாத இடங்களுக்கு ஆறுதலான செய்தி. ஆனால் நாக்பூரின் மே மாதம் 37 டிகிரியோடு நிற்பதில்லை. வெயிலில் நிற்கும் வேனுக்குள் சூடு அதைவிட அதிகம். கிளார்ஜின் போன்ற புதிய வகைகளுக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்தவும் முடியாது. எனவே பாட்டில் வெதுவெதுப்பாக வந்தால் உடனே படம் எடுத்து, அன்றே கடைக்குச் சொல்லி, மாற்றித் தரக் கேட்பதுதான் முறை. குளிர்ச்சியில் வரும் மருந்தைத் திரும்ப எடுப்பதில்லை என்று பல தளங்கள் விதி வைத்திருப்பதால், பெட்டியைப் பிரிப்பதை ஆரம்பத்திலிருந்தே போனில் படம் பிடித்து வைப்பது வழக்கை எளிதாக்கும்.

சூட்டை விட மோசமான எதிரி உறைபனி. ஜெல் பொதி கல்லாக உறைந்த நிலையில், நடுவே காகிதமோ அட்டையோ இல்லாமல் பாட்டிலோடு ஒட்டியிருந்தால் மருந்து உறைந்திருக்கக்கூடும். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிப் பழைய தோற்றத்துக்கு வந்தாலும் பழைய குணத்துக்கு வராது. அதைக் காப்பாற்ற வழியில்லை. வாங்க மறுத்துவிட வேண்டும். 30/70 போன்ற கலவை இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டினால் ஒரே சீரான பால் நிறம் வர வேண்டும். திரி திரியாகக் கட்டிகள் மிதந்தாலோ, கண்ணாடிச் சுவரில் பனி படர்ந்ததுபோல் வெள்ளையாக ஒட்டியிருந்தாலோ அது கெட்டது. கிளார்ஜின் போன்ற தெளிந்த வகை தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும். கலங்கியிருந்தால் வேண்டாம்.

ஃபிரிட்ஜில் எந்த இடம்?

இந்த வீட்டுக்கு உறைபனிப் பாடம் கிடைத்தது சொந்த ஃபிரிட்ஜிலிருந்துதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை இன்சுலினை ஃப்ரீசருக்கு நேர் கீழே உள்ள தட்டில் வைத்திருந்தார்கள். இருப்பதிலேயே குளிர்ச்சியான இடம், மருந்துக்கு நல்லது என்பது நினைப்பு. ஒரு வாரம் முழுவதும் பெரியவரின் சர்க்கரை 300க்குக் கீழே இறங்கவில்லை. சாப்பாட்டில் மாற்றமில்லை, ஊசியும் தவறவில்லை. பாட்டிலைக் கொண்டு வரச் சொன்ன டாக்டர் அதை உருட்டிப் பார்த்தார். உள்ளே கட்டிகள்.

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃப்ரீசருக்குக் கீழேயும், எந்த ஃபிரிட்ஜிலும் பின்சுவரை ஒட்டியும் மருந்து உறையும் வாய்ப்பு உண்டு. கதவுத் தட்டு அடிக்கடி திறப்பதால் சூடேறும். நடுத்தட்டில், முன்பக்கமாக, ஒரு மூடிய டப்பாவில் அட்டைப் பெட்டியோடு வைப்பது நல்லது. சந்தேகமிருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் சாதாரண வெப்பமானியைப் போட்டு அந்த இடத்தில் இரவு முழுக்க வைத்துவிட்டு, காலையில் பார்க்கலாம். 2க்கும் 8க்கும் இடையே இருந்தால் இடம் சரி.

திறந்த பாட்டிலுக்கு வேறு கணக்கு. பெரும்பாலான வகைகள் திறந்த பிறகு நான்கு வாரம் தாங்கும், சில ஆறு வாரம். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் இது இருக்கும். திறந்த தேதியைப் பாட்டில் மீது எழுதிவிட வேண்டும். பெரியவருக்கு நாளொன்றுக்கு 32 யூனிட். 40 வீரியமுள்ள 10 மில்லி பாட்டிலில் மொத்தம் 400 யூனிட். பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடும் என்பதால் கெடு தாண்டும் பயமில்லை. மூன்று பாட்டில் ஐந்து வாரத்துக்குக் காணும். அதற்கு மேல் தள்ளுபடிக்காக ஆறு மாத இருப்பு வாங்கினால், ஒரு கோடைக்கால மின்வெட்டிலோ ஃபிரிட்ஜ் கோளாறிலோ மொத்தமும் போகும்.

மின்சாரம் நின்றால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தாலே சில மணி நேரம் ஓடிவிடும். நாள் கணக்கில் நின்றால் மண்பானை. பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல், சின்னப் பானைக்குள் ஈரம் புகாத டப்பாவில் மருந்து. நீர் ஆவியாகும்போது சூடு இறங்கும். நாக்பூர், ஜெய்ப்பூர் போன்ற வறண்ட ஊர்களில் இது நன்றாக வேலை செய்யும். காற்றிலேயே ஈரம் நிறைந்த மும்பை, சென்னை, கொச்சியில் பலன் குறைவு.

கூடவே வந்த மாத்திரைகளையும் இன்சுலினோடு ஃபிரிட்ஜில் தள்ள வேண்டியதில்லை. பெரும்பாலானவற்றுக்கு 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழே, உலர்ந்த இடம் போதும். அடுப்பு மேடை, குளியலறை, டி.வி.யின் தலை ஆகியவை கூடாத இடங்கள். அட்டையிலிருந்து உரித்து டப்பாவில் கொட்டி வைத்தால் ஈரம் ஏறுவதோடு பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் காணாமல் போகும்.

நாக்பூர் வீட்டுக்கு மறுநாள் காலை 8 மணிக்கே, வெயில் ஏறும் முன், கடைக்காரர் 40 வீரிய பாட்டில்களைக் கொடுத்தனுப்பி 100ஐத் திரும்ப எடுத்துக்கொண்டார். அப்படி எடுக்க மறுக்கும் கடைகளும் உண்டு. அப்போது பில், பாட்டில், பெட்டி மூன்றையும் பத்திரப்படுத்தி மாநில மருந்து ஆய்வாளரிடம் புகார் செய்யலாம். பணத் தகராறுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மருந்து போட்டுக்கொண்ட பின் ஏதேனும் விபரீதம் ஏற்பட்டால் முதலில் டாக்டர், பிறகு மருந்து விளைவுகளைப் பதிவு செய்யும் 1800-180-3024.

பழைய பாட்டிலை ஒப்பிட வைத்திருக்கும் அந்த அம்மாள், அதன் வேலை முடிந்ததும் லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் குப்பையில் போடுகிறார். 2024 மார்ச்சில் டெல்லி போலீஸ் பிடித்த கும்பல், விலையுயர்ந்த புற்றுநோய் மருந்துகளின் காலி பாட்டில்களைச் சேகரித்து, உள்ளே வேறெதையோ நிரப்பி விற்றது. நல்ல லேபிளோடு குப்பைக்குப் போகும் பாட்டில், இன்னொரு வீட்டு வாசலில் மருந்தாக வந்து இறங்கக்கூடும்.